ஒவ்வொருவருக்கும் ஒரு ஜன்னல்: பிரிவுப் பக்கத்தை மலை ரயிலாக அமைப்பது

அத்தியாயம் 7

பிளஸ் டூ வகுப்பின் பிரிவு மலரில் எல்லோரும் முதலில் திருப்பிப் பார்ப்பது நடுப்பக்கத்தைத்தான். அங்கே மாணவர் படங்களைக் கட்டம் கட்டமாக அடுக்காமல், வரைந்த ஒரு காட்சிக்குள் அவரவர் புகைப்படத்தை உட்கார வைப்பதற்கான செய்முறையை இந்த அத்தியாயம் சொல்கிறது. 36 பேர் கொண்ட ஒரு வகுப்பையும், நீலகிரி மலை ரயிலைக் கருவாகக் கொண்ட ஒரு காட்சியையும் எடுத்துக்கொண்டு, முதல் அளவிலிருந்து அச்சகம் வரை போவோம். உங்கள் வகுப்பில் எத்தனை பேர் இருந்தாலும், கரு வேறாக இருந்தாலும், வேலையின் வரிசை இதுதான்.

தேவையானவை: கேமரா நன்றாக உள்ள ஒரு கைபேசி, அதை நிறுத்த ஒரு ஸ்டாண்டு, ஜிம்ப் என்ற இலவச மென்பொருள் உள்ள கணினி, ஓவியம் வரையத் தெரிந்த ஒருவர். நாட்கணக்கில் பார்த்தால், மலர் அச்சுக்குப் போவதற்கு ஆறு வாரம் முன்பே தொடங்கிவிடுங்கள். பொதுத்தேர்வு நெருங்கிவிட்டால் ஒரு மாணவரைப் பிடித்துப் படமெடுப்பதே பெரும்பாடாகிவிடும்.

காட்சியைத் தேர்ந்தெடுப்பது

பெரும்பாலானோர் கருவை ஆசையிலிருந்து தேர்ந்தெடுக்கிறார்கள்: விண்வெளி, கடலடி, காடு. வரைந்து முடித்த பிறகுதான் சிக்கல் தெரிகிறது. புகைப்படத்தில் இருப்பது முகமும் தோளும் மட்டும். அதை விண்வெளியில் வைத்தால் தலை தனியாக மிதக்கும். வரைந்த உடம்பின் மேல் புகைப்படத் தலையை ஒட்டினால் கழுத்து எங்கே முடிகிறது என்று கண் தேடும், தோல் நிறம் ஓரிடத்தில் சட்டென்று மாறும், பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். பிரிவு மலரில் ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்த்து அப்படிச் சிரிக்கும்படி விடக்கூடாது.

ஆகவே கருவைத் தேர்ந்தெடுக்க ஒரே கேள்வி போதும். இந்தக் காட்சியில் மார்புக்குக் கீழே உடம்பை இயல்பாக மறைக்கும் ஒரு விளிம்பு ஒவ்வொருவருக்கும் உண்டா? ரயில் ஜன்னல், படகின் பக்கப்பலகை, ராட்டினத் தொட்டி, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் எல்லாவற்றிலும் உண்டு. இவற்றில் ரயில் எனக்குப் பிடித்ததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஜன்னல்கள் எல்லாம் ஒரே அளவு. முன்னால் நிற்பவர், பின்னால் மறைபவர் என்ற பேதம் வராது. குழுப்படத்தில் மூன்று வருடமும் கடைசி வரிசையில் பாதி முகமாகவே நின்ற பிள்ளைக்கு இங்கே முழு ஜன்னல் கிடைக்கும்.

மலை ரயிலை வரைபவருக்கு ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் வழியில் எஞ்சின் முன்னால் நின்று இழுப்பதில்லை. கடைசியில் நின்று பெட்டிகளை மேலே தள்ளுகிறது. எஞ்சினை முன்னால் போட்டால் கோவை, நீலகிரிப் பக்கத்து வாசகர் முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார். நம் காட்சிக்கு இது வசதியும்கூட: எஞ்சின் பக்கத்தின் அடியில் இருக்கும், பெட்டிகள் மேலே ஏறிப்போகும்.

அளவுகளை முதலில் தீர்மானியுங்கள்

ஓவியர் பென்சிலைத் தொடும் முன்பே இந்தக் கணக்கு முடிந்திருக்க வேண்டும். எதிரெதிராக இரண்டு A4 பக்கங்களை விரித்தால் அகலம் 420 மி.மீ., உயரம் 297 மி.மீ. வெட்டும்போது கத்தி சற்று விலகினாலும் வெள்ளை விளிம்பு தெரியாமலிருக்க நாலு பக்கமும் 3 மி.மீ. கூடுதலாக ஓவியம் நீள வேண்டும். அச்சகத்தில் இதை ப்ளீட் என்பார்கள். ஆக மொத்தம் 426 × 303 மி.மீ. ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அச்சுக் கணக்கில் இது 5031 × 3579 பிக்சல். ஜிம்ப்பில் `File > New` போய் இந்த எண்களைக் கொடுத்து, `Advanced Options` பகுதியில் தெளிவு 300 என்று வையுங்கள்.

இப்போது ஒரு பக்கத்தை மட்டும் பாருங்கள். 210 மி.மீ. அகலத்தில் வெளி ஓரத்துக்கு 12, நடு மடிப்புக்கு 15 விட்டால் மிச்சம் 183 மி.மீ. அதில் ஆறு ஜன்னல் உள்ள ஒரு பெட்டி சரியாக அமரும்: ஜன்னல் 24 மி.மீ. அகலம், இடையில் உள்ள பட்டை 6 மி.மீ., ஆறுக்கும் சேர்த்து 180. பக்கத்துக்கு மூன்று பெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக. இரண்டு பக்கத்துக்கும் ஆறு பெட்டி, 36 ஜன்னல். ஒவ்வொரு அடுக்கும் 60 மி.மீ. உயரம்: கூரைக்கு 8, ஜன்னலுக்கு 32, பெயர்ப்பட்டைக்கு 6, அடிப்பாகம் சக்கரம் தண்டவாளத்துக்கு 14. மூன்று அடுக்குக்கும் 180 போக, கீழே 50 மி.மீ. ஸ்டேஷனுக்கு, மேலே 67 மி.மீ. மலைக்கும் வானத்துக்கும் தலைப்புக்கும்.

ஒரு ரயில் எப்படி மூன்று அடுக்காக ஓடும்? இரு வெளி ஓரங்களிலும் குகை வாய்களை வரையுங்கள். கீழ் அடுக்கு வலப்பக்கக் குகைக்குள் நுழையும். நடு அடுக்கு இடப்பக்கக் குகையிலிருந்து வெளியே வரும். அந்தப் பாதையில் உண்மையிலேயே 16 குகைகள் உள்ளதால் வாசகர் மறுகேள்வி கேட்கமாட்டார். நடு மடிப்பில் இரண்டு பெட்டிகளைக் கோக்கும் இணைப்பு மட்டும் வரட்டும். மடிப்பில் முகம் விழவே கூடாது. பைண்டிங் ஆனபின் மடிப்புக்குள் போன முகத்தை எந்தத் திருத்தத்தாலும் வெளியே எடுக்க முடியாது.

ஏறும் ரயில் என்பதற்காகப் பெட்டிகளைச் சாய்த்து வரைய வேண்டாம். பெட்டி சாய்ந்தால் ஜன்னல் சாயும், ஜன்னல் சாய்ந்தால் உள்ளே நேராக உட்கார்ந்திருப்பவர் விழுவது போல் தெரிவார். ஏற்றத்தைப் பின்னணி மலைச்சரிவும் தேயிலைத் தோட்டத்து வரிகளும் காட்டட்டும்.

*குறிப்பு:* உங்கள் வகுப்பில் 33 பேர்தான் என்றால் மூன்று ஜன்னல்களை வெறுமையாக விடாதீர்கள். யாரோ விடுபட்டுப்போனது போல் தோன்றும். அந்த ஜன்னல்களின் ஷட்டரை இறக்கிவிட்டதாக வரையுங்கள். 42 பேர் என்றால் பெட்டிக்கு ஏழு ஜன்னல், ஜன்னல் அகலம் 20 மி.மீ. அதற்கும் கீழே சுருக்காமல் இன்னொரு விரிபக்கம் கேளுங்கள்.

ஓவியரிடம் என்ன கேட்க வேண்டும்

தாளில் வரைந்தாலும் கணினியில் வரைந்தாலும் காட்சி தனித்தனி அடுக்குகளாக உங்கள் கைக்கு வர வேண்டும். எல்லாம் ஒட்டிப்போன ஒரே ஜேபெக் கோப்பாக வந்தால் ஒவ்வொரு ஜன்னலையும் நீங்கள் வெட்டித் திறக்க வேண்டியிருக்கும். கீழிருந்து மேலாக வேண்டிய வரிசை இது:

1. வானம், மலை, தோட்டம்.
2. பெட்டியின் உட்புறம். ஜன்னலுக்குள் தெரியும் மங்கலான பழுப்பு நிறம்; அதிக விவரம் வேண்டாம்.
3. மாணவர் படங்கள் வரப்போகும் காலி இடம்.
4. பெட்டியின் வெளிப்புறம். ஜன்னல் இருக்கும் இடங்கள் மட்டும் ஓட்டையாக இருக்க வேண்டும். நீலமும் பாலாடை நிறமும் கலந்த அந்த ரயிலின் நிறம் இங்கேதான் வரும்.
5. எல்லாவற்றுக்கும் முன்னால் வரும் மரக்கிளை, புகை, கைப்பிடி.

தாளில் வரைபவர் என்றால் A3 தாள் போதும் என்று நினைக்க வேண்டாம். A3 என்பது சரியாக 420 × 297. கூடுதல் 3 மி.மீ. கிடைக்காது. A2 தாளில் நடுவே கட்டம் போட்டு, விளிம்புக்கு வெளியேயும் ஒரு செ.மீ. வண்ணம் நீளும்படி வரையச் சொல்லுங்கள். நிலக்காட்சியை ஒரு தாளிலும் ரயிலை மட்டும் இன்னொரு தாளிலும் வரைந்து, இரண்டையும் 300 புள்ளியில் ஸ்கேன் செய்தால் அடுக்குப் பிரச்சினை தீர்ந்தது.

வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதையும் இப்போதே பேசி முடியுங்கள். நம் காட்சியில் சூரியன் இடப்பக்கம் மேலே. ஓவியத்தில் மரத்தின் நிழல் வலப்பக்கம் விழும். மாணவர் முகத்திலும் படத்தின் இடப்பக்கம்தான் வெளிச்சமாக இருக்க வேண்டும். மிகத் திறமையாக வெட்டி ஒட்டிய படமும் 'ஒட்டினது' என்று தெரிவதற்கு முதல் காரணம் இந்த வெளிச்சம் மாறிக் கிடப்பதுதான்.

படமெடுக்கும் நாள்

இடம்: நேர்வெயில் விழாத, ஒரு பக்கம் திறந்த வராண்டா. மாணவர் கேமராவைப் பார்த்து நிற்கும்போது திறந்த பக்கம் உங்களுக்கு இடக்கை ஓரமாக இருக்கட்டும். பின்னால் நடுத்தரச் சாம்பல் நிறத் துணி ஒன்றைச் சுருக்கமில்லாமல் கட்டுங்கள். வெள்ளைத் துணி வேண்டாம்; தலையில் வைத்த மல்லிகையும் வெள்ளைச் சட்டைக் காலரும் துணியோடு கரைந்துவிடும். பச்சைத் துணியும் வேண்டாம். எண்ணெய் தடவிய கூந்தலின் மினுமினுப்பில் பச்சை ஏறிவிடும், பிறகு அதை எடுப்பது கடினம்.

1. மாணவர் நிற்க வேண்டிய இடத்திலும் ஸ்டாண்டின் மூன்று கால்களிலும் தரையில் டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள். இரண்டும் ஏறக்குறைய 2 மீட்டர் தூரத்தில் இருக்கட்டும். பக்கத்தில் போய் எடுத்தால் மூக்கு பெரிதாகும், காது பின்னுக்குப் போகும். முகம் சிறிதாகத் தெரிந்தால் கைபேசியின் 2x லென்ஸைப் பயன்படுத்துங்கள், நெருங்கிப் போகாதீர்கள்.

2. மாணவரைத் துணியிலிருந்து ஒரு மீட்டராவது முன்னால் நிறுத்துங்கள். துணியில் நிழல் விழாமலிருந்தால் வெட்டும் வேலை பாதியாகும்.

3. லென்ஸ் ஒவ்வொருவரின் கண் மட்டத்துக்கும் வர வேண்டும். உயரமானவருக்கு ஸ்டாண்டை ஏற்றுங்கள், குள்ளமானவருக்கு இறக்குங்கள். ஒரே உயரத்தில் வைத்து எல்லோரையும் எடுத்தால் சிலர் அண்ணாந்தும் சிலர் குனிந்தும் பார்ப்பார்கள். ஒரே ரயிலில் இருப்பதாகத் தோன்றாது.

4. மார்பு மட்டத்தில் ஒரு மேசையை நிறுத்தி, விரும்புபவர்கள் அதன்மேல் முன்கையை வைத்துக்கொள்ளட்டும். பிறகு அந்தக் கை ஜன்னல் விளிம்பில் கச்சிதமாக உட்காரும். முழுப் பக்கத்தில் ஏழெட்டுப் பேர் அப்படி இருந்தாலே ரயிலுக்கு உயிர் வந்துவிடும்.

5. ஒவ்வொருவரையும் மூன்று விதமாக எடுங்கள்: நேராக, சற்று இடப்பக்கம் திரும்பி, சற்று வலப்பக்கம் திரும்பி. பக்கத்தின் இடது ஓரத்தில் வருபவர் வலப்பக்கமும், வலது ஓரத்தில் வருபவர் இடப்பக்கமும், அதாவது பக்கத்தின் உள்ளே பார்க்கும் படத்தைத் தேர்ந்தெடுக்கலாம். ஓரத்தில் இருப்பவர் வெளியே பார்த்தால் வாசகரின் கண்ணும் பக்கத்தைவிட்டு வெளியேறும்.

6. முதல் மாணவர் கையில் சாம்பல் நிற அட்டை ஒன்றைக் கொடுத்து ஒரு படம் எடுங்கள். நிறம் சரிசெய்ய அது உதவும். அரைமணிக்கு ஒருமுறை இதைத் திரும்பச் செய்யுங்கள். வெளிச்சத்தின் நிறம் மாறிக்கொண்டே இருக்கும்.

7. அன்றே கோப்புகளுக்கு வருகைப் பதிவேட்டு எண்ணைப் பெயராக வையுங்கள்: `01a.jpg`, `01b.jpg`, `01c.jpg`. படங்களை வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அனுப்பினால் சுருங்கிவிடும். கேபிள் வழியாக எடுங்கள், இல்லையென்றால் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

அன்று வராதவர்களுக்காக டேப்பைப் பிய்க்காமல் விட்டு, மறுநாள் அதே நேரத்தில் எடுங்கள். வீட்டிலிருந்து கொண்டுவரும் கல்யாண வீட்டுப் படமோ பாஸ்போர்ட் படமோ ஏற்க வேண்டாம். 35 பேர் மாலை வெளிச்சத்தில் இருக்க, ஒருவர் மட்டும் ஸ்டுடியோ ஃப்ளாஷில் இருப்பார்.

தோல் நிறத்தைத் தொடாதீர்கள்

கைபேசியில் ப்யூட்டி என்று ஓர் அமைப்பு இருக்கும். படமெடுக்கும் முன் அதை அணைத்துவிட்டீர்களா என்று இருமுறை பாருங்கள். பல கைபேசிகளில் அது கேட்காமலே வேலைசெய்து முகத்தை வெளுக்க வைக்கிறது, பருவை அழிக்கிறது, தாடையைக் குறுக்குகிறது. பின்னால் கணினியில் வேலை செய்யும்போதும் 'கொஞ்சம் ப்ரைட்டா' என்று யாராவது சொல்வார்கள். ஒரு கறுத்த பிள்ளையை வெளுப்பாக்கி அச்சிட்டால் அந்த மலர் அவளிடம் என்ன சொல்கிறது என்று யோசியுங்கள். இருபது வருடம் கழித்து எடுத்துப் பார்க்கப்போகும் படம் அது. அவள் முகம் அவள் முகமாகவே இருக்கட்டும்.

அதே சமயம் அச்சில் கறுப்பு இன்னும் கறுப்பாகும் என்பதும் உண்மை. மை தாளில் கொஞ்சம் பரவுவதால் நடுத்தர நிறங்கள் அடர்ந்துபோகும்; மேப்லித்தோ தாளில் இது அதிகம், ஆர்ட் பேப்பரில் குறைவு. கண்ணுக்கும் புருவத்துக்கும் இடையிலுள்ள நிழல் அச்சில் மொத்தமாக அடைபட்டுவிடலாம். இதற்கு `Colors > Levels` திறந்து நடு முக்கோணத்தை இடப்பக்கம் சற்றே நகர்த்துங்கள், 1.00 என்றிருக்கும் எண் 1.10 முதல் 1.15 வரை போனால் போதும். இது நிழலைத் திறக்கிறது, நிறத்தை வெளுக்க வைப்பதில்லை. 36 பேருக்கும் ஒரே எண்ணைக் கொடுங்கள். ஒருவருக்கு ஒரு எண், இன்னொருவருக்கு வேறு எண் என்று போனால் நீங்கள் அறியாமலே ஆளுக்கு ஆள் நிறம் நிர்ணயிக்கத் தொடங்கிவிடுவீர்கள்.

வெட்டி எடுப்பது

ரயில் ஜன்னல் இங்கே பெரிய உதவி. தோளுக்குக் கீழே ஜன்னல் விளிம்பு மறைத்துவிடும். இருபக்கத் தோளையும் பட்டைகள் மறைத்துவிடும். நீங்கள் சுத்தமாக வெட்ட வேண்டியது தலையையும் கழுத்தையும்தான்.

1. சாம்பல் அட்டை உள்ள படத்தைத் திறந்து, `Levels` பெட்டியில் சாம்பல் நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் துளிசொட்டியால் அட்டையின்மேல் அழுத்துங்கள். அந்த அமைப்பைச் சேமித்து, அடுத்த அரைமணிப் படங்களுக்கெல்லாம் அதையே கொடுங்கள்.

2. `Foreground Select` கருவியால் ஆளைச் சுற்றி உத்தேசமாக ஒரு கோடு வரைந்து Enter அழுத்துங்கள். பிறகு முகம், முடி, சட்டை என்று ஒவ்வொரு நிறத்தின் மேலும் தூரிகையால் ஒரு கீற்றுப் போட்டு மறுபடி Enter.

3. `Select > Shrink` போய் 2 பிக்சல் உள்ளே இழுங்கள். முடியைச் சுற்றிச் சாம்பல் ஓரம் ஒட்டிக்கொண்டு வருவது இதில் போய்விடும்.

4. பின்னணியை அழிக்காதீர்கள். `Layer > Mask > Add Layer Mask` கொடுத்து `Selection` என்பதைத் தேர்ந்தெடுங்கள். மாஸ்க்கில் மறைத்ததைப் பிறகு திரும்பக் கொண்டுவரலாம்; அழித்தது வராது.

5. மாஸ்க்கில் நின்றுகொண்டு சிறிய தூரிகையால் நான்கு இடங்களைக் கையால் பாருங்கள்: ஜிமிக்கிக்கும் கழுத்துக்கும் இடையிலுள்ள சந்து, மூக்குக்கண்ணாடிக் கம்பிக்கும் காதுக்கும் இடையிலுள்ள சந்து, பின்னல் தோளில் விழும் இடம், காதோரத்து இளமுடி. முதல் இரண்டிலும் சாம்பல் துணி ஒட்டிக்கொண்டே வரும். இந்த அளவில் ஜிமிக்கிச் சந்து ஒரு மி.மீ. கூட இருக்காது, ஆனால் தன் படத்தைப் பார்ப்பவர் அங்கேதான் பார்ப்பார்.

சுருட்டைமுடிக்காரர்களின் தலை ஓரத்தை ஒவ்வோர் இழையாக வெட்ட முயல வேண்டாம். ஜன்னலுக்குள் பழுப்பு இருட்டு இருப்பதால் ஓரம் மென்மையாகக் கரைந்தால் போதும். அந்த இடத்தில் மட்டும் மென்மையான தூரிகையைப் பயன்படுத்துங்கள். மழமழவென்று வெட்டினால் தலையில் தொப்பி போட்டது போல ஆகிவிடும்.

*எச்சரிக்கை:* படத்தைப் பதிவேற்றினால் பின்னணியை நீக்கித் தரும் இணையத்தளங்கள் வேகமானவைதான். ஆனால் பதினேழு வயதுப் பிள்ளைகளின் முகங்களை முன்பின் தெரியாத ஒரு சர்வருக்கு அனுப்புகிறீர்கள். வேண்டாம். உங்கள் கணினியிலேயே வெட்டுங்கள்.

ஜன்னலில் உட்கார வைப்பது

இங்கே ஒரே ஒரு அளவு எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. தலையின் மொத்த உயரத்தை அளக்காதீர்கள். ஒருவருக்குத் தலைமுடி உயர்ந்திருக்கும், இன்னொருவருக்குப் படிய வாரியிருக்கும். கண்மணியிலிருந்து மோவாய் வரை அளவெடுங்கள். அச்சில் அது 10 மி.மீ. இருக்கட்டும், அதாவது 118 பிக்சல். அப்போது தலை ஏறக்குறைய 20 மி.மீ. வரும், 32 மி.மீ. ஜன்னலில் மேலேயும் கீழேயும் மூச்சுவிட இடம் இருக்கும்.

ஓர் உதாரணம். 14-ஆம் எண் மாணவியின் படத்தில் `Measure` கருவி கண்ணிலிருந்து மோவாய்க்கு 640 பிக்சல் காட்டுகிறது என்று வையுங்கள். 118-ஐ 640-ஆல் வகுத்தால் 0.184. `Image > Scale Image` போய் அலகை சதவீதமாக மாற்றி 18.4 கொடுங்கள். சுருக்கிய பிறகே பெரிய கோப்புக்குள் கொண்டுவாருங்கள். 36 முழு அளவுப் படங்களை உள்ளே இழுத்தால் சாதாரணக் கணினி திணறும். சதவீதம் 100-க்கு மேல் வந்தால் மூலப் படம் போதாது என்று அர்த்தம். பெரிதாக்காமல் திரும்ப எடுங்கள்.

அடுத்து, ஒரே கோட்டில் எல்லோருடைய கண்ணையும் நிறுத்த வேண்டாம். முகத்தின் அளவு ஒன்றாக இருக்க வேண்டும், உயரம் இரண்டு மூன்று மி.மீ. ஏறி இறங்கலாம். எல்லாம் ஒரே கோட்டில் நின்றால் ஹால் டிக்கெட் ஒட்டிய தாள் மாதிரி ஆகிவிடும். கையூன்றியவர் கொஞ்சம் முன்னால் சாய்ந்து ஜன்னலின் கீழ்விளிம்பைத் தொடட்டும். அந்த முன்கையை மட்டும் தனி லேயராக எடுத்துப் பெட்டியின் வெளிப்புற அடுக்குக்கு மேலே வையுங்கள். கை வெளியே நீட்டியது போல் வரும். கை விளிம்பைத் தாண்டி இறங்கிப் பெயரை மறைக்க வேண்டாம், கீழே பெயர்ப்பட்டை இருக்கிறது.

பிறகு ஒட்டின தன்மையைப் போக்கும் இரண்டு சின்ன வேலைகள். முதலாவது, ஜன்னலின் மேல்சட்டம் தலையின்மேல் போடும் நிழல். மாணவர் படங்களுக்கு மேலே, பெட்டியின் வெளிப்புறத்துக்குக் கீழே ஒரு புதிய லேயர் வைத்து, `Mode` என்பதை `Multiply` ஆக்கி, ஒவ்வொரு ஜன்னலின் மேல் 6 மி.மீ.யிலும் பழுப்பு நிறத்தை மென்மையாகத் தடவுங்கள். நெற்றிக்குக் கீழே இறங்கக் கூடாது. இரண்டாவது, எல்லாப் படங்களின் மேலும் ஓவியத்திலுள்ள வெயில் நிறத்தை `Soft light` முறையில் 10 சதவீதம் மட்டும். இதனால் 36 படமும் ஒரே மாலையில் இருப்பது போல் ஒன்றுசேரும். அதற்கு மேல் போனால் எல்லோருக்கும் மஞ்சள் பூசியது போல் ஆகும்.

முகங்களுக்குக் கார்ட்டூன் ஃபில்டர் போட்டால் ஓவியத்தோடு சேர்ந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. அந்த ஃபில்டர் முதலில் அழிப்பது ஒருவரை அவராகக் காட்டும் சின்ன விஷயங்களைத்தான்: தெற்றுப்பல், மச்சம், புருவத்துத் தழும்பு. ஓவியம் ஓவியமாகவும் முகம் முகமாகவும் இருக்கலாம்.

*தவிர்க்க வேண்டியது:* வெளிச்சம் தவறான பக்கத்தில் இருக்கிறதென்று படத்தை இடவலமாகத் திருப்பாதீர்கள். சட்டைப் பை வலப்பக்கம் வரும், பேட்ஜ் எழுத்து இடவலம் மாறும், வகிடு மாறும், மச்சம் கன்னம் மாறும். அம்மா பார்த்தவுடன் 'இது என் பிள்ளை மாதிரி இல்லையே' என்பார். ஏன் என்று அவருக்கும் சொல்லத் தெரியாது.

ஆசிரியர்கள் கீழே ஸ்டேஷனில். பிளாட்பார வேலிக்குப் பின்னால் மார்பளவு தெரிய நிற்கட்டும், முகம் மாணவர்களின் அதே அளவு. மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தில் பள்ளி இருக்கும் ஊரின் பெயர். வலப்பக்கக் குகைக்குள் நுழையும் ரயிலின் கடைசியில் எஞ்சின்.

யார் எந்த ஜன்னலில்

பதிவேட்டு வரிசைப்படி வைத்தால் சண்டை வராது, ஆனால் ஆறு வருடம் ஒரே பெஞ்சில் இருந்தவர்கள் வேறு வேறு பெட்டியில் போவார்கள். ஜன்னல் வரைபடத்தை ஒரு சார்ட்டில் வரைந்து வகுப்பில் ஒட்டி, ஒரு வாரம் பென்சிலால் அவர்களே பெயர் எழுதிக்கொள்ள விடுவது நல்லது. கடைசியில் இடம் கேட்கத் தயங்கி நிற்கும் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். அவர்களை மிச்சமிருக்கும் ஜன்னலுக்குத் தள்ளாமல், வகுப்பாசிரியர் தனியாகக் கூப்பிட்டு யாரோடு உட்கார விருப்பம் என்று கேட்டு, மற்றவர்களை நகர்த்தி இடம் செய்ய வேண்டும்.

இந்த நேரத்திலேயே பெற்றோர் கையெழுத்தும் வாங்கிவிடுங்கள். மலரில் அச்சிட, பள்ளியின் இணையப் பக்கத்தில் போட என்று இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். அச்சுக்குச் சம்மதித்தவர் இணையத்துக்குச் சம்மதிக்காமல் இருக்கலாம். படமே வேண்டாம் என்று சொல்லும் வீட்டுப் பிள்ளைக்கும் ஜன்னல் உண்டு. அவளுக்குப் பிடித்த ஒரு பொருளை, கிதாரோ பூந்தொட்டியோ செஸ் பலகையோ, அவளிடமே கேட்டு ஓவியர் அந்த ஜன்னலில் வரையட்டும். கீழே பெயர் எல்லோருக்கும் போலவே வரட்டும்.

பெயர்கள்

படம் எவ்வளவு நன்றாக வந்தாலும், பெயரில் ஓர் எழுத்துப் பிழை போதும், அந்தப் பிள்ளைக்கு முழு மலரும் பாழ். ல, ள, ழ, ன, ண, ர, ற இவற்றில்தான் பெரும்பாலும் தவறும். முதலெழுத்து அடுத்தது: அ.வா ஆ.வா, எஸ். என்றா சு. என்றா? பதிவேட்டில் இருப்பதைவிட அவர் தன் பெயரை எழுதும் முறைக்கே மதிப்புக் கொடுங்கள். 

பெயர்களை யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். அச்சகத்து டி.டி.பி. கணினியில் பழைய எழுத்துரு இருந்தால் 'கௌ', 'ஸ்ரீ' போன்றவை உடைந்து, கொம்பு ஓரிடம் எழுத்து ஓரிடம் என்று போகும். அதனால் எழுத்தாக அனுப்பாமல் படமாக்கியே அனுப்ப வேண்டும். எழுத்துள்ள லேயர்களை ஒரு பிரதியில் பத்திரப்படுத்திவிட்டு, இன்னொரு பிரதியில் `Image > Flatten Image` கொடுங்கள். பெயரின் அளவு 9 பாயிண்டுக்குக் கீழே போக வேண்டாம். பாலாடை நிறப் பட்டையில் அடர் நீல எழுத்து நன்றாகத் தெரியும்.

அச்சகத்துக்கு அனுப்பும் முன்

1. ஒரு கலர் ஜெராக்ஸ் கடையில் இரண்டு பக்கத்தையும் உண்மை அளவில், சுருக்காமல் அச்செடுங்கள். திரையில் பெரிதாக்கிப் பார்த்தே பழகியவருக்கு 20 மி.மீ. முகம் கையில் எவ்வளவு இருக்கும் என்பது அப்போதுதான் தெரியும்.

2. அந்தத் தாளை வகுப்பில் சுற்றுக்கு விட்டு, ஒவ்வொருவரும் தன் பெயருக்குப் பக்கத்தில் பேனாவால் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். கையெழுத்தில்லாத பெயர் பார்க்கப்படாத பெயர்.

3. நீலத்தைப் பாருங்கள். திரையில் ஒளிரும் நீலத்தை நான்கு வண்ண மையால் கொண்டுவர முடியாது. மங்கும், சில சமயம் ஊதாப் பக்கம் சாயும். அச்சகத்தாரிடம் அவர்கள் இயந்திரத்தில் அச்சான பழைய மாதிரி ஒன்றைக் கேட்டு வாங்கி, அதிலுள்ள நீலத்தைப் பார்த்து ரயிலின் நிறத்தை இறக்குங்கள்.

4. பைண்டிங் என்ன என்று கேளுங்கள். நடுவில் பின் அடிக்கும் மலர் என்றால் இந்த விரிபக்கம் சரியாக நடுத்தாளில் வர வேண்டும். அப்போது இரு பக்கமும் ஒரே தாள், ரயில் உடையாது. முதுகில் பசை போட்டு ஒட்டும் மலர் என்றால் நடுவில் பல மி.மீ. உள்ளே போய்விடும். அதற்கு மடிப்பு இடத்தை 15-லிருந்து 20 மி.மீ. ஆக்கி, ஜன்னல்களை அதற்கேற்பக் குறுக்குங்கள். இதைக் கடைசி நாளில் கேட்டால் எல்லாவற்றையும் நகர்த்த வேண்டிவரும். ஆகவே அளவு போடும் நாளிலேயே கேட்டுவிட்டு இப்போது உறுதி மட்டும் செய்துகொள்ளுங்கள்.

5. `File > Export As` கொடுத்து 300 புள்ளி தெளிவுள்ள `malar_nadupakkam.tif` ஆகச் சேமியுங்கள். வண்ண மாற்றத்தை அச்சகம் செய்யட்டும், ஆனால் மாற்றிய பிறகு ஒரு ப்ரூஃப் கேளுங்கள்.

முதல் தாள் இயந்திரத்திலிருந்து வரும்போது அங்கே இருக்க முடிந்தால் இருங்கள். முகங்கள் எல்லாம் சிவந்து வந்தால் மெஜந்தா மை அதிகம், ஒரு ரகப் பச்சை பாய்ந்து வந்தால் குறைவு. 'முகம் சிவப்பா இருக்கு' என்று சொன்னாலே இயந்திரம் ஓட்டுபவருக்குப் புரியும். அவர் மையைக் குறைத்து இன்னொரு தாள் ஓட்டிக் காட்டுவார். எழுத்தோரத்தில் இரட்டைக் கோடு தெரிந்தால் நான்கு வண்ணமும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக விழவில்லை. அதையும் அங்கேயே சொல்லுங்கள். ஆயிரம் பிரதி ஓடிய பிறகு சொல்லிப் பயனில்லை.

மலர் கைக்கு வந்ததும் மூலப் புகைப்படங்களை உங்கள் கணினியிலிருந்தும் படமெடுத்த கைபேசியிலிருந்தும் அழித்துவிடுங்கள். அடுக்குகள் உள்ள ஜிம்ப் கோப்பு ஒன்றைப் பள்ளி அலுவலகத்தில் ஒரு பென் டிரைவில் கொடுத்து, பதிவேட்டில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். மாணவர் லேயர்களை நீக்கிய வெறும் ரயில் கோப்பு ஒன்று தனியாக இருக்கட்டும். அடுத்த வருடத்து வகுப்புக்கு அதே ஓவியர் வேறு காட்சி வரைந்தாலும், அளவுக் கட்டங்கள் அப்படியே உதவும்.